நான்கு கேள்வி, மூன்று பதில்

தெல்மா கொவாலிக் கேள்வி கேட்டால் பதில் வந்தாக வேண்டும். தண்டர் பே ஊரில் வருஷக்கணக்காக வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடந்தவர்களைப் பார்த்துக்கொண்டவள் அவள். வேலை மாறும் நேரத்தில் அடுத்தவளிடம் நோயாளியை ஒப்படைக்கும்போது கேள்விகள் வரிசையாக வரும். சாப்பிட்டாரா? எவ்வளவு? மூத்திரம் போனாரா? என்ன நிறம்? ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதில். “எல்லாம் நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு நழுவப் பார்த்தவர் ஒருவரையும் அவள் வாசலைத் தாண்ட விட்டதில்லை.

முழங்கால் ஒத்துழைக்காமல் போன பிறகு எட்டு பேர் தங்கும் ஒரு சின்ன முதியோர் இல்லத்தில் மருந்துப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். அங்கேயும் அவள் வழி அதேதான். அந்த இல்லத்தில் மருந்துத் தாளை ஒரு கணினி நிரல் அச்சடித்துத் தரும். யாருக்கு, எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று வாரத்துக்கு ஒரு தாள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் கொடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். விலையில்லாத நிரல். வெண்டல் ஃப்ரீசன் என்பவர் தன் அம்மாவைப் பார்த்துக்கொண்ட காலத்தில் தனக்காக எழுதியது. நாடு முழுக்கச் சின்னச் சின்ன இல்லங்கள் அதை எடுத்துப் பயன்படுத்தின. சந்தேகம் வந்தால் தொலைபேசியில் கூப்பிட ஆள் கிடையாது. மின்னஞ்சல் குழு ஒன்று உண்டு. அதில் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

நவம்பர் வந்துகொண்டிருந்தது. அந்த ஊரில் வருஷா வருஷம் குளிர்காலத்துக்கு முன் செய்வதுபோல, ஞாயிறு விடியும் முன் இரண்டு மணி ஆனதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ள வேண்டும். திங்களன்று தெல்மா அந்த வாரத்துக்கான தாளை முன்கூட்டியே அச்சடித்துப் பார்த்தாள். பயந்தது போலவே இருந்தது. ஐனோ லாத்தியின் பெயருக்கு நேரே ராத்திரி ஒன்றரை மணி மாத்திரை இரண்டு வரிகளில் வந்திருந்தது.

போன வருஷமும் இப்படித்தான். ஐனோவுக்கு நடுக்க நோய். அந்த மாத்திரை ஒன்று என்றால் கை நிற்கும், முதுகு நிமிரும். ஒன்றுக்கு இரண்டானால் இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். போன வருஷம் புதிதாக வந்திருந்த ராத்திரிப் பணியாள் தாளில் இருந்தபடி இரண்டையும் கொடுத்துவிட்டாள். ஐனோ கட்டில் மேல் நாய்கள் நிற்பதாகச் சொல்லி அவற்றை விரட்ட எழுந்து, அலமாரியில் மோதி விழுந்தார். கண்ணைச் சுற்றி வீங்கி, இரண்டு வாரம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. இடுப்பு தப்பியது அதிர்ஷ்டம். இன்னொரு தடவை தப்பும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

விசாரணை நடந்தது. அதற்குப் பிறகு ஒரு புது விதி வந்தது. அச்சான தாளில் யாரும் தன் இஷ்டத்துக்குக் கோடு போடக் கூடாது. ஒரு வரியை அடிக்க வேண்டுமானால் மருந்துக்கடைக்காரர் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கான காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். மருந்துக்கடைக்காரர் லோர்ன் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“தெல்மா, நீ சொல்றதை நான் நம்பறேன். ஆனா என் கையெழுத்து நம்பிக்கைக்குப் போடறது இல்ல. சில மருந்து இத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு போகும், கடிகாரத்தைப் பார்க்காது. அந்த நிரலை எழுதினவர் ஏதாவது காரணத்தோட ரெண்டு வரி போட்டிருந்தா? கோளாறுதான்னு அவர் எழுதிக் கொடுத்தா அடுத்த நிமிஷம் கோடு போடறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையை மூடிட்டு நான் வேட்டைக்குக் கிளம்பறேன், அதையும் ஞாபகம் வச்சுக்கோ.”

டாக்டர் அலுவலகத்தைக் கூப்பிட்டாள். இரண்டு வாரத்துக்குள் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று ஒரு குரல் அன்பாகச் சொன்னது.

ஆகவே திங்கள் மத்தியானம், மருந்து அறையின் பழைய கணினி முன் உட்கார்ந்து, இரண்டு விரலால் தட்டி தெல்மா குழுவுக்கு ஒரு மடல் எழுதினாள். எண் போட்டு நான்கு கேள்விகள்.

1. கடிகாரம் பின்னுக்குப் போற ராத்திரி ஒன்றரை மணி மாத்திரை தாள்ல ரெண்டு தடவை வருது. இது கோளாறுதானே?
2. ஒரு வரியைப் பேனாவால அடிச்சா, அடுத்த வாரத் தாள்ல மாத்திரை விட்டுப் போச்சுன்னு காட்டுமா?
3. உங்க புதுப் பதிப்புல இது சரியாயிடுச்சா?
4. புதுசைப் பழசு மேலயே போட்டா எங்க எட்டு பேரோட விவரமும் அழிஞ்சு போயிடுமா?

செவ்வாய் காலையில் வெண்டலிடமிருந்து பதில் வந்திருந்தது. மடலின் உச்சியில் ஒரே வரி:

ஆமா, அது சரிதான். கவலைப்படாதீங்க.

அதற்குக் கீழே தெல்மாவின் மடல் முழுசும், ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் இது பழைய மடலின் வரி என்று காட்டக் கணினி போடும் ஒரு அம்புக்குறியோடு, தொங்கிக்கொண்டிருந்தது.

தெல்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். எதற்கு ஆமா? முதல் கேள்விக்கும் மூன்றாவதற்கும் ஆமா என்றால் சந்தோஷம். இரண்டாவதற்கும் நான்காவதற்கும் ஆமா என்றால் இல்லமே குடைசாய்ந்துவிடும்.

பக்கத்து மேஜையில் மாத்திரைகளைச் சின்னக் குப்பிகளில் போட்டுக்கொண்டிருந்த ரொவீனா திரும்பிப் பார்த்தாள். மணிலாவிலிருந்து வந்து ஆறு குளிர்காலம் பார்த்தவள். அவளுக்கு தெல்மா அக்கா.

“என்னக்கா, திரையை அப்படி முறைக்கிறீங்க? உடைச்சுடாதீங்க, நம்ம சம்பளத்துல பிடிச்சுடுவாங்க.”

“நாலு கேள்வி கேட்டேன். ஒரு ஆமா வந்திருக்கு.”

“மூணு இல்லையை அப்புறமா அனுப்புவாரோ என்னவோ.”

“சிரிக்காதே. குப்பியை எண்ணு.”

எதற்கு ஆமா என்று கேட்டு அவள் எழுதி முடிக்கும் முன்பே குழுவில் டுவைட் பெல்லத்தியே என்பவர் நுழைந்துவிட்டார். டுவைட் நோவா ஸ்கோஷியாவில் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு மருந்து கொடுக்க அந்த நிரலை வைத்திருந்தார். அதைவிட அதிகமாக, குழுவில் யார் எப்படி மடல் எழுதுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெண்டல், மேல பதில் எழுதாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று எழுதியிருந்தார். “ஒரு கேள்வியை எடுங்க. அம்போட அப்படியே விடுங்க. அதுக்குக் கீழ அம்பு இல்லாம பதில் எழுதுங்க. அப்புறம் அடுத்த கேள்வி, அடுத்த பதில். தேவையில்லாததை வெட்டிடுங்க. இது என்ன ராக்கெட் விடற வேலையா?”

தெல்மாவுக்கு அவர் மேல் ஒரு நொடி பாசமே வந்தது. அந்த நொடியோடு அது போயிற்று. ஆரிகனிலிருந்து ஒரு அம்மாள் சண்டைக்குக் கிளம்பினாள்.

“நான் போன்ல படிக்கிறேன். பதிலைத் தேடிக் கீழ தள்ளித் தள்ளி என் கட்டைவிரல் தேஞ்சு போச்சு. மேல எழுதினா என்ன கொள்ளை போகுது?”

“கொள்ளையா? எதுக்குன்னே தெரியாம ஒரு ஆமா அந்தரத்துல தொங்குது பாருங்க, அதான் கொள்ளை.”

“அப்ப ஒரு மடலுக்கு ஒரு கேள்வின்னு விதி போடுங்க” என்று மூன்றாவது ஒருவர் சேர்ந்துகொண்டார்.

“நாலு கேள்விக்கு நாலு தொடரா? வெளங்கிடும்.”

“பதிலைச் சிவப்பு மையில எழுதினா நல்லா தெரியுமே?”

“இந்தக் குழுவுல வர்ணம் போகாது தாயே. வெறும் எழுத்துதான் போகும். உங்க சிவப்பு எங்களுக்கு வந்து சேரும்போது கறுப்பு.”

தெல்மாவின் தலைப்பிலேயே மடல் மேல் மடலாகத் தொடர் நீண்டது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துப் போட, ஒரு அம்பு இரண்டாகி, இரண்டு மூன்றாகி, வரிகள் வலது பக்கம் நகர்ந்து நகர்ந்து ஓரத்தில் போய் ஒடுங்கின. செவ்வாய் மத்தியானம் ஐனோவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வந்து பார்த்தாள். புதன் காலையில் ஐனோவுக்குச் சவரம் செய்துவிட்டு வந்து பார்த்தாள். சண்டைதான் வளர்ந்திருந்தது. ஒன்றரை மணி மாத்திரையைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் எழுதவில்லை.

அவளுக்கு வந்த கோபத்தில் இரண்டு விரல் நான்காயிற்று.

“நான் நாலு கேள்வி கேட்டேன். என் தலைப்புல இருபத்தாறு மடல் வந்திருக்கு. ஒண்ணுலயும் பதில் இல்ல. இங்க ஒரு மனுஷன் இந்த ஞாயித்துக்கிழமை விழாம இருக்கணும். அவருக்கு உங்க அம்பு மேல இருந்தாலும் ஒண்ணுதான், கீழ இருந்தாலும் ஒண்ணுதான். பதிலைச் சொல்லிட்டு அப்புறம் அடிச்சுக்கோங்க.”

கொஞ்ச நேரத்தில் மூன்று பேர் பதில் போட்டார்கள். தெல்மா சொல்வது ரொம்ப சரி என்று எழுதியிருந்தார்கள். அதில் இருவர் மேலே எழுதியிருந்தார்கள். டுவைட் அதையும் சுட்டிக்காட்டினார்.

வெண்டல் நல்ல மனுஷன். திட்டு வாங்கினால் திருத்திக்கொள்கிறவர். புதன் மத்தியானம் அவரிடமிருந்து ஒழுங்கான மடல் வந்தது. மேலே, “தெல்மா எழுதியது” என்று ஒரு வரி. அதன் கீழே:

> ஒரு வரியைப் பேனாவால அடிச்சா, அடுத்த வாரத் தாள்ல
> மாத்திரை விட்டுப் போச்சுன்னு காட்டுமா?

காட்டாது. தாள்ல நீங்க என்ன செய்யறீங்கன்னு நிரலுக்குத் தெரியாது.

> உங்க புதுப் பதிப்புல இது சரியாயிடுச்சா?

சரி பண்ண எதுவும் இல்லைன்னு நெனைக்கிறேன்.

> புதுசைப் பழசு மேலயே போட்டா எங்க எட்டு பேரோட
> விவரமும் அழிஞ்சு போயிடுமா?

அழியாது. ஆனா முதல்ல ஒரு நகல் எடுத்து வச்சுக்கோங்க.

“இதுதான் முறை!” என்று டுவைட் உடனே பாராட்டியிருந்தார். “எல்லாரும் பார்த்துக் கத்துக்கோங்க. கேள்வி, கீழ பதில். சுத்தமா வெட்டியிருக்காரு.”

ரொவீனா எட்டிப் பார்த்தாள். “அப்பாடா. முடிஞ்சுதா?”

தெல்மா திரையில் விரலை வைத்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடி எண்ணினாள். மூன்றுதான்.

“முதல் கேள்வியைக் காணோம்.”

“எங்க போச்சு?”

“வெட்டிட்டாரு. சுத்தமா வெட்டியிருக்காருன்னு மெடல் வேற குத்தியாச்சு.”

எதைக் கேட்பதற்காக மற்ற மூன்றையும் கேட்டாளோ அது இல்லை. வெட்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தாலாவது வெட்டியது தெரிந்திருக்கும். பார்க்கிறவர்களுக்கு மூன்று கேள்வி கேட்டாள், மூன்றுக்கும் பதில் வந்தது, இனி எதற்குக் கத்துகிறாள் இந்தக் கிழவி என்றுதான் தோன்றும். நோயாளிகளின் பிள்ளைகளிடம் தெல்மா இதைப் பார்த்திருக்கிறாள். அப்பாவை எப்போது வந்து பார்ப்பாய், போர்வை வேண்டுமா, காலுறை வேண்டுமா என்று கேட்டால் போர்வைக்கும் காலுறைக்கும் உடனே பதில் வரும்.

இந்தத் தடவை அவளும் வெட்டினாள். வெண்டலின் மடலில் மற்றதை எல்லாம் அழித்தாள். அடியில் அவர் பெயரோடு வரும் இரண்டு வரிகளையும் அழித்தாள். கையொப்பத்தைத் தூக்கிக்கொண்டு திரியாதே என்பதும் டுவைட்டின் சட்டம். தன் முதல் கேள்வியை மட்டும் தனியாக வைத்து, “இதுக்குக் கீழ ஒரு வரி. வேற எதுவும் வேண்டாம்” என்று எழுதி அனுப்பினாள்.

வியாழன் காலையில் பதில் வந்தது. ஒழுங்காக, கேள்விக்குக் கீழே.

> இது கோளாறுதானே?

இல்ல. என் மெஷின்ல ஒரே தடவைதான் வருது. நீங்க பொத்தானை ரெண்டு தரம் அமுக்கியிருப்பீங்க. அதனாலதான் அந்தக் கேள்வியை விட்டுட்டேன்.

தெல்மா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். அச்சுத் தாளை எடுத்துப் பார்த்தாள். ஒன்றரை, ஒன்றரை. ஐனோவுக்கு மட்டும், அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும்.

“பொத்தானை ரெண்டு தரம் அமுக்கினா தாள் ரெண்டா வரும்டா. ஒரு தாள்ல ஒரு வரி மட்டும் ரெண்டா வருமா?” என்று திரையைப் பார்த்துக் கத்தினாள்.

கூடத்தில் இருந்து ஐனோ குரல் கொடுத்தார். “யாரைத் திட்டறே? என்னையா?”

“உங்களை இல்ல. நீங்க கஞ்சியைக் குடிங்க.”

“கஞ்சியில உப்பு இல்ல.”

“டாக்டரைக் கேளுங்க. ரெண்டு வாரத்துல திரும்பக் கூப்பிடுவாரு.”

ரொவீனா சிரிப்பை அடக்கிக்கொண்டு திரைக்கு முன் வந்து நின்றாள். தெல்மா படிக்காமல் விடும் அடிப்பகுதி வரைக்கும் அவள் படித்தாள்.

“அக்கா, இவரு சஸ்காட்செவன்லயா இருக்காரு?”

“எங்க இருந்தா எனக்கென்ன?”

“இதோ, பேருக்குக் கீழ போட்டிருக்கே. ஸ்விஃப்ட் கரன்ட், சஸ்காட்செவன். என் தங்கச்சியும் அந்த மாகாணத்துலதான், ரெஜைனாவுல இருக்கா. வருஷத்துல பாதி நாள் நேரம் குழம்பிப் போய் அவளை எழுப்பி விட்டுட்டுத் திட்டு வாங்கறேன். அங்க கடிகாரத்தைத் தொடவே மாட்டாங்கக்கா. முன்னாலயும் தள்ள மாட்டாங்க, பின்னாலயும் தள்ள மாட்டாங்க.”

தெல்மா மெதுவாக உட்கார்ந்தாள்.

அந்த ஆளின் கணினியில் ஒன்றரை மணி ஒரு ராத்திரியில் ஒரே தடவைதான் வரும். உலகம் முடியும் வரை அச்சடித்தாலும் அங்கே ஒரே வரிதான். தன்னிடம் வராதது இன்னொருவரிடம் வரும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அதனால் கேள்வியையே வெட்டிவிட்டார். அவர் எங்கே இருக்கிறார் என்பதோ ஒவ்வொரு மடலிலும் இருந்தது. அதை இவள் படிக்காமலே வெட்டியிருந்தாள். ஒழுங்குக்காக.

“சனியன்” என்றாள் தெல்மா. யாரை என்று சொல்லவில்லை.

அவருடைய பதிலை அப்படியே எடுத்தாள். இந்தத் தடவை கையொப்பத்தையும் விட்டுவைத்தாள். அதன் கீழே எழுதினாள்:

> ஸ்விஃப்ட் கரன்ட், சஸ்காட்செவன்

உங்க ஊர்ல கடிகாரம் மாறாது. எங்க ஊர்ல மாறும். எங்களுக்கும் டொரண்டோ நேரம்தான், உங்க மெஷினை அதுக்கு மாத்தி வச்சு அந்த ஞாயித்துக்கிழமைக்கு அச்சடிச்சுப் பாருங்க. பார்த்துட்டு என் நாலு கேள்விக்கும் மறுபடி பதில் எழுதுங்க. நாலு. எதையும் வெட்டாதீங்க. வெள்ளிக்கிழமை எனக்கு அது காகிதத்துல வேணும்.

பகல் முழுக்கப் பதில் இல்லை. டுவைட் மட்டும் ஒரு மடல் போட்டார். கையொப்பத்தை எடுத்துப் போடுவது நல்ல பழக்கம் இல்லை என்றும், இந்த ஒரு தடவை மன்னிக்கலாம் என்றும்.

வெள்ளி மத்தியானம் வந்தது. முதல் வரியிலேயே ஒரு பெருமூச்சு இருந்தது.

கடவுளே. ரெண்டு வருது. தெல்மா, மன்னிச்சுடுங்க. நிரல் ஒவ்வொரு அரை மணியா நகர்ந்து போய், கடிகாரம் ஒன்றரை காட்டும்போதெல்லாம் ஒரு வரி போடற மாதிரி எழுதி வச்சிருக்கேன். அன்னைக்கு ஒன்றரை ரெண்டு தடவை வர்றதை நான் யோசிக்கவே இல்ல. நாலுக்கும் கீழ பதில் எழுதியிருக்கேன்.

நான்கும் இருந்தன. பழைய பதிப்பிலும் கோளாறு, புதியதிலும் கோளாறு. சரி செய்ய இன்னும் ஒரு வாரம் ஆகும். ஒரு வரியை அடித்துவிடலாம், கணக்குப் பிசகாது. தெல்மா அச்சடித்து, தாள் சூடு ஆறும் முன் காரை எடுத்தாள். பனி இன்னும் தரையில் நிற்கவில்லை. தார் மட்டும் ஈரமாக இருந்தது.

லோர்ன் அதற்குள் ஆரஞ்சு நிற வேட்டைத் தொப்பியைத் தலையில் வைத்திருந்தார். தாளை வாங்கி மூக்குக்கு அருகில் வைத்துப் படித்தார்.

“இந்த அம்பு என்ன?”

“அம்பு இருக்கிறது நான் கேட்டது. அம்பு இல்லாதது அவரு சொன்னது. அவ்வளவுதான்.”

“சரி. எது முக்கியம்? முதல் கேள்விதானே.” விரலை வைத்தார். விரல் அங்கேயே நின்றது. “தெல்மா, இதுக்கும் அம்பு இருக்கே?”

தெல்மா தாளைப் பிடுங்கிப் பார்த்தாள்.

> இது கோளாறுதானே? ஆமா, கோளாறுதான். ரெண்டாவது
> வரியை எடுத்துடணும்.

மற்ற மூன்றுக்கும் வரியை முறித்து, இடம் விட்டு, அழகாகக் கீழே எழுதியிருந்த மனுஷன் இதற்கு மட்டும் அவசரத்தில் கேள்வியின் வாலிலேயே எழுதிவிட்டார். கணினி அதையும் அவள் வரி என்று எண்ணி அம்பைப் போட்டுவிட்டது.

“கேள்வியும் நீ, பதிலும் நீங்கற மாதிரி இருக்கு” என்றார் லோர்ன்.

“நானா எழுதினேன்? மேல பாருங்க, ரெண்டு வருதுன்னு அவரே அழுதிருக்காரு!”

“ரெண்டு வருதுன்னு சொல்றாரு. எடுத்துடணும்னு சொன்னது யாரு? அம்பு உன் பக்கம் நிக்குது. விசாரணைக்காரன் வந்து கேட்டா நான் என்ன சொல்றது, தெல்மா நல்ல பொண்ணுன்னா?”

தெல்மா வாய்க்கு வந்ததை எல்லாம் சொல்லித் தீர்த்தாள். வெண்டலை, அம்பை, சஸ்காட்செவனை, கடிகாரத்தைத் தள்ளலாம் என்று முதன்முதலில் நினைத்தவனை. லோர்ன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எல்லாம் முடிந்ததும் கல்லாவுக்குப் பின்னால் இருந்த தன் கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“நாலரை வரைக்கும் இருப்பேன்.”

அவள் அஞ்சல் பெட்டியைத் திறந்தாள். அந்த ஒரு வரியை எடுத்துப் போட்டாள். அதன் கீழே, “இது நீங்க எழுதினதா? ஒரே கேள்வி. இப்பவே பதில் சொல்லுங்க. மருந்துக்கடையில நிக்கறேன்” என்று எழுதி அனுப்பினாள்.

கடையில் இருமல் மருந்து வாங்க இரண்டு பேர் வந்து போனார்கள். தெல்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் ரத்த அழுத்தம் பார்க்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“கையை உள்ள விடு, சும்மாதானே உக்காந்திருக்கே, பார்த்துடலாம்” என்றார் லோர்ன்.

“இப்பப் பார்த்தீங்கன்னா என்னைத்தான் எங்க இல்லத்துல சேர்ப்பீங்க.”

நான்கு மணி தாண்டிப் பதில் விழுந்தது. மேலே, உச்சியில், எல்லா விதிகளையும் மீறி:

ஆமா. நான் எழுதினது. வெண்டல் ஃப்ரீசன்.

கீழே அவள் மடல் முழுசும் வெட்டாமல் கிடந்தது. லோர்ன் எட்டிப் பார்த்தார்.

“எதுக்கு ஆமா?” என்றார்.

தெல்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் தொப்பியைக் கழற்றினார்.

“சும்மா கேட்டேன்மா. ஒரு கேள்விதான் இருக்கு. தெரியுது, தெரியுது.” மடலை அச்சடித்தார். மருந்துத் தாளை எடுத்து, அளவுகோல் வைத்து, இரண்டாவது ஒன்றரை மேல் சிவப்பாக ஒரு கோடு போட்டார். பக்கத்தில் கையெழுத்து. பிறகு விளக்கை அணைத்துவிட்டு மான் வேட்டைக்குக் கிளம்பினார்.

ஞாயிறு காலையில் தெல்மா வேலைக்கு வந்தபோது ராத்திரிப் பணியாள் கோட்டோடு தயாராக நின்றாள். புதுப் பெண்.

“எல்லாம் நல்லா இருக்கு” என்றாள்.

“நில்லு. ஐனோவுக்கு எத்தனை மாத்திரை?”

“ஒண்ணு. கடிகாரம் ரெண்டாந்தடவை ஒன்றரை காட்டினப்ப கொஞ்சம் குழம்பிட்டேன். தாளைப் பார்த்தா சிவப்புக் கோடு இருந்துது. விட்டுட்டேன்.”

“எழுந்தாரா?”

“எழுந்துக்கல.”

“நாய் பூனை ஏதாவது?”

“என்னது?”

“ஒண்ணுமில்ல. போ, தூங்கு.”

தாளில் ஒரே கையெழுத்து. சிவப்புக் கோட்டின் மேல் ஒன்றுமில்லை. தெல்மா அதைக் கோப்பில் வைத்துவிட்டு ஐனோவின் அறைக்குப் போனாள். அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கை நடுங்கவில்லை. முகத்தில் காயம் இல்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கஞ்சி ஏன் ஒரு மணி நேரம் லேட்டு?” என்றார்.

“லேட் இல்ல. அந்தக் கடிகாரத்தைத்தான் யாரும் மாத்தல.” அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். முழங்காலைத் திட்டிக்கொண்டே அதன் மேல் ஏறி, முள்ளைப் பின்னுக்குத் தள்ளினாள்.

மருந்து அறையில் கணினியைத் திறந்தபோது அவள் தலைப்பில் புதிதாகப் பதினோரு மடல். ஒன்று வெண்டலுடையது. கோளாறைச் சரி செய்யத் தொடங்கிவிட்டதாகவும், தெல்மாவுக்கு நன்றி என்றும். மீதிப் பத்தும், வெள்ளிக்கிழமை அவர் மறுபடி மேலே பதில் எழுதியதைப் பற்றி.

தெல்மா பத்தையும் படிக்காமல் அழித்தாள். பிறகு புது மடல் ஒன்றைத் திறந்தாள். மார்ச்சில் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளும்போது இரண்டரை மணி என்று ஒன்று அந்த ராத்திரியில் வராது. மூன்றாம் அறை மார்த்தாவுக்கு இரண்டரை மணிக்கு மாத்திரை. அந்த வரி தாளில் வருமா, வராதா?

ஒரே ஒரு கேள்வி. எண் கூடப் போடவில்லை. அனுப்பும் பொத்தானை ஒரே தரம் அமுக்கிவிட்டு, குப்பிகளை எண்ணப் போனாள்.